டாய்லெட் பேப்பரும் முக டிஷ்யூவும்: நனைந்த பிறகு என்ன ஆகிறது?

கொடைக்கானலில் நான்கு அறைகள் கொண்ட சிறு தங்கும் விடுதியை நடத்தும் நண்பர் ஒருவர், கழிவறையில் வைத்திருந்த பேப்பர் ரோல் மிகவும் மெல்லியதாக இருக்கிறது என்று விருந்தினர் சிலர் முணுமுணுத்ததால், அதன் பக்கத்திலேயே நல்ல மணம் வீசும் முக டிஷ்யூப் பெட்டி ஒன்றையும் வைத்தார். எட்டு மாதம் கழித்து இரண்டு அறைகளின் கழிவறைகளில் தண்ணீர் மெதுவாக இறங்கத் தொடங்கியது. ஃபிளஷ் செய்யும்போதெல்லாம் குளியலறைத் தரைத்துளையிலிருந்து குடகுடவென்று சத்தம் எழுந்தது. கழிவுநீர் லாரியுடன் வந்தவர்கள் செப்டிக் டேங்கின் மூடியைத் திறந்தபோது, கழிவு உள்ளே வரும் குழாயின் வாயில் அந்த முக டிஷ்யூத் தாள்கள் கிழியாமல், பிழிந்து போட்ட துணியைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. நண்பர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "எல்லாம் பேப்பர்தானே, தண்ணீரில் கரைந்திருக்க வேண்டாமா?"

இந்தக் கேள்வி இயல்பானது. ஹோட்டல் மேசையில் இருப்பது, காரில் இருப்பது, சமையலறையில் எண்ணெய் ஒற்றுவது, கழிவறையில் தொங்குவது ஆகிய நான்கையும் நாம் "டிஷ்யூ" என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். அடுக்குகள் கூடினால் தரம் கூடும், மறுசுழற்சிப் பேப்பர் என்றால் அழுக்கு, மணம் இருந்தால் சுத்தம், உறையில் "செப்டிக் டேங்குக்கு ஏற்றது" என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை என்பவை இந்தக் குழப்பத்திலிருந்து பிறந்த நம்பிக்கைகள். இவை ஒவ்வொன்றையும் சரிபார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தத் தாள் நனைந்த பிறகு என்ன ஆகிறது?

கஞ்சி போட்ட வேட்டியும் காகிதமும்

கஞ்சி போட்டு உலர்த்திய வேட்டி விறைப்பாக நிற்கும். அதைத் தண்ணீரில் நனைத்தால் விறைப்பு போய்விடும், ஆனால் வேட்டி கிழிந்துவிடாது. ஏனெனில் விறைப்பைக் கொடுத்தது கஞ்சி, துணியைத் துணியாக வைத்திருப்பது நெசவு. காகிதத்தில் நெசவு கிடையாது. மரத்திலிருந்தோ மூங்கிலிலிருந்தோ எடுத்த நார்களைத் தண்ணீரில் கலக்கி, சல்லடை போன்ற வலையின் மீது பரப்பி, நீரை வடித்து உலர்த்தினால் காகிதம் கிடைக்கிறது. ஒவ்வொரு நாரும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரையே நீளமுள்ளது. தண்ணீர் வெளியேறும்போது பக்கத்துப் பக்கத்து நார்களின் மேற்பரப்புகள் நெருங்கி வந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. இந்த மெல்லிய ஈர்ப்புக்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். அதாவது, காகிதம் என்பது நெசவே இல்லாமல் கஞ்சியை மட்டும் நம்பி நிற்கும் வேட்டி.

மீண்டும் தண்ணீர் பட்டதும் நார்களுக்கு இடையே நீர் புகுந்து அந்தப் பிடிப்பைத் தளர்த்துகிறது. கொஞ்சம் கலக்கினால் போதும், நார்கள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். நாம் "கரைகிறது" என்று சொன்னாலும், சர்க்கரை கரைவதுபோல எதுவும் மறைவதில்லை. தாள் நார்க்கூழாகப் பிரிகிறது, அவ்வளவே. இந்த வேறுபாடு செப்டிக் டேங்கைப் பற்றிப் பேசும்போது மறுபடியும் தேவைப்படும்.

இனி முக டிஷ்யூவுக்கு வருவோம். மூக்கைச் சிந்தும்போது தாள் கையில் கூழாகிவிட்டால் யாரும் அதை மறுமுறை வாங்க மாட்டார்கள். ஆகவே முக டிஷ்யூவையும், அதைவிட அதிகமாகச் சமையலறைப் பேப்பர் டவலையும் தயாரிக்கும்போது, நார்க்கூழில் ஒருவகைப் பிசினைச் சிறிதளவு சேர்க்கிறார்கள். உலரும்போது அது நார்களுக்கு இடையே தண்ணீரால் எளிதில் பிரிக்க முடியாத பிணைப்புகளை உருவாக்குகிறது. கஞ்சி வேட்டிக்குள் தையல் போட்டதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். நனைந்த பிறகும் தாள் தாங்கும் இந்தத் திறனுக்கு ஈர வலிமை என்று பெயர். டாய்லெட் பேப்பரில் இது இருக்கக் கூடாது, அல்லது சற்று நேரத்தில் தளர்ந்துவிடும் அளவுக்கு மட்டுமே இருக்க வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், இரண்டு தாள்களும் ஒரே நாரால் ஆனவையாகவும், கைக்கு ஒரே மென்மையுடனும் இருக்கலாம். ஒன்று நனைந்தால் பிரிய வேண்டும் என்றும், மற்றொன்று நனைந்தாலும் பிரியக் கூடாது என்றும் திட்டமிட்டே செய்யப்பட்டவை. நண்பரின் குழாய் அடைபட்டதற்கு அந்த டிஷ்யூவின் தரக்குறைவு காரணமல்ல. தன் வேலையை அது மிகச் சரியாகச் செய்ததுதான் காரணம்.

பிளை என்பது எண்ணிக்கை, எடை அல்ல

உறையில் "2 பிளை", "3 பிளை" என்று அச்சிட்டிருப்பது ஒரு தாளில் எத்தனை அடுக்குகள் சேர்க்கப்பட்டுள்ளன என்பதை மட்டுமே சொல்கிறது. ஒவ்வோர் அடுக்கும் எவ்வளவு கனமானது என்பதை அது சொல்வதில்லை. அதைச் சொல்வது ஜிஎஸ்எம் என்னும் அளவு: ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடையுள்ளது என்பதே அது. கழிவறைத் தாளில் ஓர் அடுக்கு பெரும்பாலும் 14 முதல் 18 ஜிஎஸ்எம் வரை இருக்கும். எனவே மெல்லிய மூன்று அடுக்குகளுக்கும் சற்றுத் தடித்த இரண்டு அடுக்குகளுக்கும் மொத்த எடையில் பெரிய வேறுபாடு இல்லாமல் போகலாம்.

அப்படியானால், தேவையான எடையை ஒரே தடித்த அடுக்காகவே செய்துவிடலாமே, எதற்காகப் பிரிக்கிறார்கள்? தடித்த அட்டை ஒன்றை வளைத்துப் பாருங்கள். பிறகு அதில் பாதித் தடிமனுள்ள இரண்டு அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வளைத்துப் பாருங்கள். இரண்டாவது மிக எளிதாக வளையும். ஒரு தாளின் தடிமன் இரு மடங்கானால் அதன் விறைப்பு ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. ஆனால் ஒட்டாத இரண்டு மெல்லிய தாள்கள் ஒன்றன்மீது ஒன்று வழுக்குவதால் விறைப்பு இரண்டு மடங்கு மட்டுமே ஆகிறது. கைக்கு மென்மையாகத் தெரிவதற்கு இதுவே முதன்மையான காரணம். அடுக்குகளுக்கு இடையில் உள்ள இடைவெளி தண்ணீரையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது; ஆகவே ஒரே எடையில் இரண்டு அடுக்குத் தாள் ஓரடுக்குத் தாளைவிடக் கூடுதலாக உறிஞ்சும். தாளின் மீது காணும் பூ வேலைப்பாடு அழகுக்காக மட்டும் போடப்பட்டதன்று. அந்த அழுத்தம் அடுக்குகளை ஒன்றோடொன்று கோத்து வைக்கிறது, உப்பலையும் கூட்டுகிறது. அந்த உப்பலால் ரோல் பெரிதாகத் தெரியும் என்பது தயாரிப்பாளருக்குக் கிடைக்கும் கூடுதல் பயன்!

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் ரோல்: இரண்டு அடுக்கு, ஓர் அடுக்குக்கு 16 ஜிஎஸ்எம், ஆக மொத்தம் 32. ஒரு தாள் 10 சென்டிமீட்டர் சதுரம் என்றால் அதன் எடை 0.32 கிராம். இரண்டாவது ரோல்: மூன்று அடுக்கு, ஓர் அடுக்குக்கு 15 ஜிஎஸ்எம், மொத்தம் 45, அதே அளவுள்ள ஒரு தாளின் எடை 0.45 கிராம். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு எட்டுத் தாள்களைப் பயன்படுத்தினால், முதல் ரோலைக் கொண்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 கிலோ நார் தொட்டிக்குள் போகும். இரண்டாவதைக் கொண்டு 5.3 கிலோ போகும். "மூன்று அடுக்கு வாங்கினால் குறைவான தாள்களே போதும்" என்று சொல்வார்கள். எட்டுக்குப் பதில் ஆறோடு நிறுத்துபவருக்கு அது உண்மை, கணக்கு ஏறத்தாழச் சமமாகிவிடும். ஆனால் பெரும்பாலோர் தாளை எண்ணி எடுப்பதில்லை, கைப்பழக்கத்தில் ஒரே நீளத்தை இழுக்கிறார்கள். தண்ணீரால் கழுவிவிட்டு, ஈரத்தை ஒற்றுவதற்கு மட்டும் மூன்று தாள் எடுக்கும் நம் வீட்டு வழக்கத்தில் இதே நான்கு பேருக்கு முதல் ரோலைக் கொண்டு ஆண்டுக்கு ஒன்றரைக் கிலோகூட ஆகாது. தொட்டியின் கண்ணோட்டத்தில், பிளையைக் காட்டிலும் இந்தப் பழக்கமே பெரிய வேறுபாட்டைச் செய்கிறது.

உறையில் ஜிஎஸ்எம் அச்சிடப்படாவிட்டால் வீட்டுத் தராசு போதும். புதிய ரோலின் எடையிலிருந்து, தீர்ந்துபோன ரோல் ஒன்றின் அட்டைக் குழலின் எடையைக் கழித்து, கிடைப்பதைத் தாள்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு தாளின் எடை தெரிந்துவிடும். முக டிஷ்யூப் பெட்டியில் இன்னொரு நுணுக்கம் உண்டு: "100 புல்ஸ், 2 பிளை" என்றால் நூறு முறை இழுக்கலாம் என்று பொருள், சில பெட்டிகள் அதையே அடுக்குகளை எண்ணி "200" என்று பெரிய எழுத்தில் போட்டுக்கொள்கின்றன. விலையை ஒப்பிடும்போது இழுப்புகளின் எண்ணிக்கையைக் கணக்கில் கொள்ளுங்கள்.

மறுசுழற்சி நார்: ஒருமுறை வற்றிய வற்றல்

சுண்டைக்காய் வற்றலை எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் அது பச்சைச் சுண்டைக்காயின் பருமனுக்குத் திரும்புவதில்லை. காகித நாரும் அப்படித்தான். ஒருமுறை காகிதமாகி உலர்ந்த நாரின் உள்ளே இருந்த நுண்ணிய துளைகள் மூடிக்கொள்கின்றன. மறுபடி தண்ணீரில் போட்டாலும் அது முன்போல் உப்புவதில்லை, முன்போல் வளைந்துகொடுப்பதும் இல்லை. உப்பாத, விறைத்த நார்கள் ஒன்றையொன்று தொடும் பரப்பு குறைவு. ஆகவே பிடிப்பும் குறைவு. பழைய காகிதத்தைக் கூழாக்கி, மையை நீக்கும் வேலையில் நார்கள் உடைந்து குட்டையும் ஆகின்றன. மறுசுழற்சிப் பேப்பர் சற்றுச் சொரசொரப்பாக இருப்பதும், கிழிக்கும்போது தூசி பறப்பதும், எளிதில் கிழிவதும் இதனால்தான்.

முகம் துடைக்க இது குறை. கழிவறைக்கோ இதே குறை ஒரு வசதி: பிடிப்பு குறைந்த தாள் தண்ணீரில் விரைவாகப் பிரிகிறது. செப்டிக் டேங்க் உள்ள வீட்டுக்கு மறுசுழற்சி ரோலைப் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம். இதை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வலிமைக் குறைவை ஈடுசெய்யத் தயாரிப்பாளர் வேறு பொருள்களைச் சேர்த்திருக்கலாம். எனவே பின்னால் சொல்லப்போகும் பாட்டில் சோதனையைச் செய்து பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

நிறம் சற்று மங்கலாக இருப்பது எஞ்சிய மையின் சாயலே தவிர அழுக்கு அல்ல. கூழாக்குதல், கழுவுதல், வெளுத்தல், மிகச் சூடான உருளையின் மீது உலர்த்துதல் ஆகிய அனைத்தையும் கடந்தே அந்தத் தாள் வருகிறது. உறையில் உள்ள முத்திரையைப் பார்க்கும்போது மட்டும் சற்று நிதானம் வேண்டும். காட்டு மரத்தையும் நாரையும் பொறுப்பான வழியில் பெற்றதற்குச் சான்றளிக்கும் எஃப்எஸ்சி முத்திரையில் "ரீசைக்கிள்ட்" என்று இருந்தால் முழுவதும் மீட்கப்பட்ட நார். "மிக்ஸ்" என்று இருந்தால் புது மர நாரும் கலந்திருக்கலாம். இரண்டிலும் அதே மரச் சின்னம் இருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றெனக் கொள்கிறார்கள். மூங்கில் பேப்பர் என்பதும் புது நாரே, மறுசுழற்சி அல்ல.

இதில் என் சொந்தக் கருத்து ஒன்றுண்டு. எழுதும் தாளை மறுபடி கூழாக்கலாம், அட்டைப்பெட்டியை மறுபடி அட்டையாக்கலாம். கழிவறைத் தாளுக்கு மறுபிறவி இல்லை. கடைசி ஒரு நிமிட வேலைக்குப் புதிதாக வெட்டிய மரத்தின் நீண்ட நாரைப் பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. முக டிஷ்யூவிலும் இதே வாதம் பொருந்தும்தான், ஆனால் சளி பிடித்து மூக்கு சிவந்திருக்கும் குழந்தைக்குச் சொரசொரப்பான தாளைக் கொடுக்க எனக்கும் மனம் வருவதில்லை.

மணம் எங்கே இருக்கிறது?

மணமூட்டிய ரோல்களில் பலவற்றில் வாசனைப் பொருள் நடுவில் உள்ள அட்டைக் குழலில்தான் இடப்படுகிறது. அங்கிருந்து அது மெல்லப் பரவித் தாளில் ஏறுகிறது. அது கிருமியைக் கொல்வதில்லை, தாளைச் சுத்தமாக்குவதும் இல்லை. கழிவறையின் நாற்றத்தையும் அது நீக்குவதில்லை. அதன் மேல் இன்னொரு வாசனையைப் போர்த்துகிறது.

தோலுக்கு ஒவ்வாமை ஏற்படுத்தும் பொருள்களில் வாசனைப் பொருள்கள் முக்கியமானவை. மென்மையான, ஈரமான, மூடியிருக்கும் தோலில் அந்த எரிச்சல் விரைவில் தெரியும். அரிப்பு, சிவத்தல், எரிச்சல் ஆகியவை காரணம் தெரியாமல் தொடர்ந்தால், மணமூட்டிய பேப்பரையும் ஈர வைப்ஸையும் இரண்டு மூன்று வாரம் நிறுத்திப் பார்ப்பது செலவில்லாத முதல் படி. அதற்கும் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஈர வைப்ஸில் வாசனையோடு, ஈரம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பாதுகாப்புப் பொருளும் உண்டு. அவற்றில் ஒன்றான மெத்தில் ஐசோதயசோலினோன் பலருக்குத் தோல் ஒவ்வாமையைக் கொடுத்ததால், கழுவாமல் தோலில் விடும் அழகுப் பொருள்களில் அதைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை விதித்தது.

லோஷன் தடவிய முக டிஷ்யூ சளிக்காலத்தில் இதமாக இருக்கும். அதைக் கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தால் நாள் முழுவதும் மங்கலாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

செப்டிக் டேங்குக்குள் நடப்பது

செப்டிக் டேங்க் என்பது கழிவைச் சற்று நேரம் அசையாமல் நிறுத்திவைக்கும் தொட்டி. உள்ளே வந்தவற்றில் கனமானவை அடியில் சேறாகப் படிகின்றன. எண்ணெயும் மிதப்பவையும் மேலே ஆடைபோலத் திரளுகின்றன. நடுவில் உள்ள ஓரளவு தெளிந்த நீர் வெளியேறி உறிஞ்சுகுழிக்குப் போகிறது. அடியில் உள்ள சேற்றைக் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் மெதுவாகச் சிதைக்கின்றன.

இப்போது "கரைவது" பற்றி முன்பு சொன்னதை நினைவில் கொள்ளுங்கள். பாக்டீரியா டாய்லெட் பேப்பரை உடனே தின்றுவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் முதல் வேலையைச் செய்வது ஃபிளஷ் தண்ணீரின் வேகமும் குழாயில் ஏற்படும் கலக்கலும்தான். அவை தாளை நார்க்கூழாகப் பிரித்துவிட்டால், கூழ் தொட்டியின் அடியில் படிந்து பிறகு மெல்ல மெல்லச் சிதையும்; ஒரு பகுதி சேறாகவே தங்கிவிடும். பிரியாத தாள் இரண்டு இடங்களில் தொல்லை தரும்: உள்வரும் குழாயின் வாயில் சிக்கும், அல்லது மேல் ஆடையில் கலந்து பாய்போலக் கெட்டியாகும். ஈர வைப்ஸில் பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை கலந்திருந்தால் அந்தப் பகுதியைப் பாக்டீரியா சிதைப்பதே இல்லை.

அடைப்பு எங்கே இருக்கிறது என்பதைத் தொட்டியின் நீர்மட்டம் காட்டிக்கொடுக்கும். கழிவறையில் தண்ணீர் தேங்கி, தொட்டியின் மட்டம் மட்டும் இயல்பாக இருந்தால் அடைப்பு தொட்டிக்கு முன்னால். நண்பரின் விடுதியில் நடந்தது இதுதான். தொட்டியே விளிம்பு வரை நிரம்பி நின்றால் தடை வெளியேறும் குழாயிலோ உறிஞ்சுகுழியிலோ இருக்கிறது. இதைப் பார்ப்பதற்காக யாரும் தொட்டிக்குள் தலையை நீட்டவோ இறங்கவோ கூடாது. உள்ளே சேரும் நச்சு வாயு சில மூச்சில் ஆளை வீழ்த்திவிடும். தகுந்த பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரை இந்த வேலையில் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

ஆக, செப்டிக் டேங்குக்கு ஏற்ற தாள் என்பது பாக்டீரியாவுக்குப் பிடித்த தாள் அல்ல; குழாயில் போகும்போதே பிரிந்துவிடும் தாள். வாசனைப் பொருளின் சிறிய அளவு பாக்டீரியாவைக் கொன்றுவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. அந்த அச்சம் இருப்பவர்கள் வாரந்தோறும் கோப்பையில் ஊற்றும் ஃபினாயிலையும் ஆசிட்டையும் முதலில் கவனிக்கலாம்.

பாட்டில் சோதனை

உறையில் என்ன எழுதியிருந்தாலும், இந்தச் சோதனையை ஐந்து நிமிடத்தில் வீட்டிலேயே செய்துவிடலாம். அகன்ற வாயுள்ள, மூடி போட்ட மூன்று ஒரு லிட்டர் பாட்டில்களைப் பாதியளவு தண்ணீரால் நிரப்ப வேண்டும். முதல் பாட்டிலில் வாங்க நினைக்கும் ரோலின் நான்கு தாள்கள், இரண்டாவதில் முக டிஷ்யூ ஒன்று, மூன்றாவதில் ஈர வைப் ஒன்று. ஒரு நிமிடம் ஊறவிட்டு, மூன்றையும் ஒரே வேகத்தில் பத்து விநாடி குலுக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் தனியாகச் சோதித்தால் ஏமாந்துவிடுவோம்; பக்கத்தில் ஒப்பிட இன்னொன்று இருக்கும்போதுதான் வேறுபாடு கண்ணுக்குப் படும்.

நண்பரின் சமையலறையில் நாங்கள் இதைச் செய்தோம். அவர் முன்பு வாங்கிய மெல்லிய ரோல் நீர்த்த நொய்க்கஞ்சிபோல ஆனது. புதிதாக வாங்க நினைத்த இரண்டு அடுக்கு மறுசுழற்சி ரோலும் அப்படியே ஆனது, சில துணுக்குகள் மட்டும் நகத்தளவில் மிதந்தன. விலை கூடிய மூன்று அடுக்கு ரோலில் அடுக்குகள் தனித்தனியாகப் பிரிந்து பெரிய துண்டுகளாக நின்றன. மேலும் இருபது விநாடி குலுக்கிய பிறகே கூழாயின. இதைத் தவறான தாள் என்று சொல்ல முடியாது, ஆனால் குறைந்த தண்ணீரில் ஃபிளஷ் ஆகும் கோப்பைக்கும் சரிவு குறைந்த பழைய குழாய்க்கும் நான் இதை வாங்க மாட்டேன். முக டிஷ்யூ சுருண்டது, இரண்டு அடுக்காகப் பிரிந்தது, கிழியவில்லை. அடுத்த நாள் காலை வரை பாட்டிலில் ஊறவிட்டுக் குலுக்கியபோதும் கையில் எடுத்து விரிக்கக்கூடிய தாளாகவே இருந்தது. ஈர வைப்பைப் பிழிந்து மேசையைத் துடைத்தார் நண்பரின் மனைவி.

விடுதியில் இப்போது மணமில்லாத, இரண்டு அடுக்கு மறுசுழற்சி ரோல் தொங்குகிறது. முக டிஷ்யூப் பெட்டி கழிவறையை விட்டுக் கண்ணாடி மேசைக்கு இடம்பெயர்ந்தது, கோப்பைக்குப் பக்கத்தில் மூடியுள்ள குப்பைக்கூடை ஒன்று வந்திருக்கிறது. வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவும் பழைய இந்தியக் கழிவறை ஒன்றும் அங்கே உண்டு; அதில் ஃபிளஷின் வேகம் கிடைக்காது என்பதால், நன்றாகப் பிரியும் தாளையும் அங்கே கூடையில்தான் போடச் சொல்கிறார். தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. எந்தப் பேப்பரை வாங்கினாலும் அடியில் சேறு படியத்தான் செய்யும்.